சீட்டு உறுப்பினர்களின் ஆதார் நகல்கள் இணையத்தில் திறந்து கிடந்தன: அவர்களுக்கு என்ன எழுதுவது?

மரிக்கொழுந்து எழுதியது:

மதுரையில் ஒரு நகைக்கடையில் சேமிப்புச் சீட்டுப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். பதினொரு மாதத் திட்டம். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று சுற்று வட்டாரத்திலிருந்துதான் பெரும்பாலான உறுப்பினர்கள் வருகிறார்கள். சீட்டில் சேரும்போது ஆதார் நகல் வாங்குவோம். பெரிய தொகை கட்டுபவர்களிடம் பான் அட்டை நகலும் வாங்குவோம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு மென்பொருளில் ஏற்றுவது வழக்கம். அந்த மென்பொருளை நடத்துவது வெளி நிறுவனம்.

சித்திரைத் திருவிழா சமயத்தில் அவர்கள் சர்வரை மாற்றினார்கள். அப்போது நகல்கள் இருந்த கிளவுட் கோப்புறை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும்படி ஆகிவிட்டது. போன வாரம் முன்பின் தெரியாத ஒரு கல்லூரி மாணவர் கடைக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஒரு படத்தையும் இணைத்திருந்தார். எங்கள் உறுப்பினர் ஒருவரின் ஆதார் அட்டை அது. அன்றே மென்பொருள் நிறுவனத்தை அழைத்துக் கோப்புறையை மூட வைத்துவிட்டோம்.

இப்போது உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டும். முதலாளிக்கு வேண்டிய ஒருவர் எழுதிக் கொடுத்த வரைவு இது:

"மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்கள் தகவல்களின் பாதுகாப்பே எங்கள் தலையாய கடமை. அண்மையில் எங்கள் தொழில்நுட்பக் கூட்டாளியின் அமைப்பில் ஒரு நிகழ்வு கவனத்திற்கு வந்து, உடனடியாகச் சரிசெய்யப்பட்டது. தகவல்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை. எனினும் தாங்கள் விழிப்புடன் இருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

படித்தால் எனக்கே என்ன நடந்தது என்று புரியவில்லை. சீட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசை முன்னால் நிற்கும் அம்மாக்களுக்கு இது எப்படிப் புரியும்? எப்படி எழுதுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆடிப்பெருக்கு நெருங்குவதால் கடையில் எல்லோரும் பயந்துபோய் இருக்கிறார்கள்.

---

கே.கே.நகர் வக்கீல் எழுதியது:

அந்த வரைவே போதுமானது. அதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் அது நாளை உங்களுக்கு எதிரான சாட்சியம் ஆகும். 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று இருப்பது உண்மை. ஆனால் அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. தெரிவிக்கும் கடமை அதிலிருந்து 18 மாதங்கள் கழித்துத்தான் நடைமுறைக்கு வருகிறது. ஆகவே இன்றைய தேதியில் நீங்கள் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சைபர் பாதுகாப்பு அமைப்புக்குப் புகார் செய்வதும் பெரிய கம்பெனிகளுக்கு உள்ள விஷயம்.

---

யானைமலை எழுதியது:

வக்கீல் சார் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றிச் சொன்னது சரி, 18 மாதக் கணக்கும் சரி. கடைசி வரியை மட்டும் அப்படியே விட முடியாது. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, தரவுக் கசிவு தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். நிறுவனம் என்ற சொல்லுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு தரும் விளக்கத்தில் கூட்டாண்மைக் கடையும் அடங்கும், ஒருவரே நடத்தும் தனியுடைமைக் கடையும் அடங்கும். மரிக்கொழுந்து, இதுவரை அனுப்பவில்லை என்றால் இன்றே incident@cert-in.org.in முகவரிக்கு அனுப்புங்கள். தாமதமாகிவிட்டது என்பதற்காக அனுப்பாமல் இருப்பது இன்னும் மோசம். எப்போது தெரிந்தது, எப்போது மூடினீர்கள் என்பதை மணியோடு குறிப்பிடுங்கள்.

இனி வரைவுக்கு வருகிறேன். பதினைந்து ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். "எவ்வித ஆதாரமும் இல்லை" என்ற வரியைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். தேடிப் பார்த்து இல்லை என்று சொல்கிறார்களா, தேடவே இல்லையா, தேடுவதற்கு வழியே இல்லையா? மூன்றுக்கும் இதே வரியைத்தான் எழுதுகிறார்கள்.

ஆகவே மென்பொருள் நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கோப்புறை திறந்து கிடந்த நாள்களுக்கு, எந்தக் கோப்பை எந்த முகவரியிலிருந்து எப்போது திறந்தார்கள் என்ற அணுகல் பதிவு உங்களிடம் இருக்கிறதா? பல கிளவுட் சேமிப்பகங்களில் அந்தப் பதிவு தானாக எழுதப்படுவதில்லை. யாராவது முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால்தான் உண்டு. பதிலை வாயால் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

---

திருமங்கலம் டீச்சர் எழுதியது:

ஐயா, நேற்று எனக்கும் இப்படித்தான் நடந்தது. நகைக்கடையிலிருந்து பேசுகிறோம் என்றார்கள். ஒன்பது தவணை கட்டிவிட்டீர்கள், ஆடிச் சலுகையாக மீதி இரண்டு தவணையை நாங்களே போடுகிறோம், போனில் வரும் எண்ணைச் சொல்லுங்கள் என்றார்கள். நானும் ஒன்பது தவணைதான் கட்டியிருந்தேன். அதனால் நம்பிச் சொல்லிவிட்டேன். கணக்கிலிருந்து பென்ஷன் பணம் போய்விட்டது. திரும்பக் கிடைக்க நான் யாருக்கு எழுத வேண்டும்? வங்கிக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

---

யானைமலை எழுதியது:

அம்மா, திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள். இதைப் படித்த உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அங்கேயே முடக்கி வைக்க அவர்களால் முடியும். ஆனால் அது அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கை மாறிவிட்டால், பின்தொடர்ந்து பிடிப்பது கடினம். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அழைத்து முடித்ததும் வங்கியின் 24 மணி நேர எண்ணுக்குச் சொல்லிக் கணக்கையும் அட்டையையும் நிறுத்துங்கள். பிறகு cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணை வங்கிக்குக் கொடுக்கும் மனுவில் குறிப்பிடுங்கள்.

---

மரிக்கொழுந்து எழுதியது:

டீச்சர் அம்மா, எந்தக் கடை என்று இங்கே எழுத வேண்டாம், எனக்குத் தனிச்செய்தியில் மட்டும் சொல்லுங்கள். எங்கள் கடையாக இருந்தால் நான் இன்றைக்கே தெரிந்துகொள்ள வேண்டும்.

---

விளக்குத்தூண் வியாபாரி எழுதியது:

முப்பது வருடமாகத் துணி வியாபாரம் செய்கிறேன். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. சீட்டு என்பதே நம்பிக்கையில் ஓடுவது. "உங்கள் ஆதார் வெளியே போய்விட்டது" என்று நீங்கள் எழுதினால், ஆதார் போனது என்று மட்டும் யாரும் படிக்க மாட்டார்கள். சீட்டுப் பணம் போனது என்றுதான் ஊருக்குள் பேச்சு பரவும். ஆடிப்பெருக்குக்கு முந்தைய நாள் கடை வாசலில் எல்லோரும் புத்தகத்தோடு வந்து நின்றால் எந்த முதலாளியால் சமாளிக்க முடியும்? ஆடி முடியட்டும், ஆவணியில் சொல்லுங்கள்.

---

யானைமலை எழுதியது:

அண்ணாச்சி, உங்கள் பயம் நியாயமானது. அதற்கான பதிலைக் கடிதத்திலேயே எழுதிவிடலாம். முதல் பத்தியிலேயே "நீங்கள் கட்டிய பணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. தவணைக் கணக்கு சரியாக இருக்கிறது. உங்கள் புத்தகத்தில் உள்ள பதிவே செல்லும்" என்று சொல்லுங்கள். உண்மையாக இருந்தால் மட்டுமே எழுத வேண்டும் என்பதால், தவணைப் பதிவேட்டைக் கையிலுள்ள ரசீதுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஆவணி வரை காத்திருக்கச் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. டீச்சர் அம்மாவுக்கு வந்த அழைப்பைப் பாருங்கள். ஆடிச் சலுகை என்று சொல்லித்தான் ஏமாற்றியிருக்கிறார்கள். மோசடிக்காரர்களுக்கு இதைவிட நல்ல மாதம் கிடையாது. எச்சரிக்கை வேண்டியதும் இந்த மாதத்தில்தான்.

---

மரிக்கொழுந்து எழுதியது:

டீச்சர் அம்மா தனிச்செய்தி அனுப்பினார்கள். அது எங்கள் கடை இல்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை.

மென்பொருள் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பதில் வந்துவிட்டது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் மாணவர் சொன்ன நாள் வரை கோப்புறை திறந்திருந்ததாம். அணுகல் பதிவு இயக்கப்பட்டிருக்கவில்லையாம், இப்போதுதான் இயக்கியிருக்கிறார்களாம். "இருப்பினும் யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை" என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்.

---

யானைமலை எழுதியது:

அந்தக் கடைசி வரியை உங்கள் கடிதத்துக்குள் வர விடாதீர்கள். பதிவே இல்லாதபோது தெரியவில்லை என்று சொல்வதில் பொருளே இல்லை. அதோடு, ஒருவர் எடுத்திருக்கிறார் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமே. அந்த மாணவர் படத்தோடு எழுதினாரே! அவர் கண்ணில் பட்டது வேறு யார் கண்ணிலும் படவில்லை என்று எப்படிச் சொல்வது? திறந்து கிடக்கும் இத்தகைய கோப்புறைகளைத் தேடுவதற்கென்றே தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் ஓடுகின்றன.

நேர்மையாக எழுதினால் இப்படி வரும்: "எங்கள் கடைக்குத் தொடர்பில்லாத ஒருவர் சில நகல்களைப் பார்த்து எங்களுக்குத் தெரிவித்தார். அவரைத் தவிர வேறு யார் பார்த்தார்கள், யார் எடுத்தார்கள் என்பதைக் கண்டறிய எங்களிடம் வழியில்லை. ஏனென்றால் அந்த நாள்களில் அதற்கான பதிவு வைக்கப்படவில்லை. ஆகவே உங்கள் நகலை யாரோ எடுத்திருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு, கீழே உள்ளவற்றைச் செய்யுங்கள்."

முதலாளி இந்தப் பத்தியைப் பார்த்துத் தயங்குவார். அவரிடம் சொல்லுங்கள், "ஆதாரமில்லை" என்று எழுதிய பிறகு இரண்டே மாதத்தில் ஒரு நகல் வெளியே விற்பனைக்கு வந்தால், அதன்பின் கடை சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

---

கே.கே.நகர் வக்கீல் எழுதியது:

"வழியில்லை", "பதிவு வைக்கப்படவில்லை" என்று எழுதுவது கவனக்குறைவை ஒப்புக்கொள்வதாகும். நுகர்வோர் ஆணையத்தில் அந்த வரியைத்தான் முதலில் வாசிப்பார்கள். தெரிவிப்பதை நான் எதிர்க்கவில்லை, இந்த வாசகத்தைத்தான் எதிர்க்கிறேன். ஆறு மணி நேரம் பற்றி யானைமலை சொன்னதைப் பார்த்தேன். 43ஏ விளக்கம் அப்படித்தான் இருக்கிறது, அது சரி.

---

யானைமலை எழுதியது:

அந்த அபாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாளை நடைமுறைக்கு வரப்போகும் விதிகளையே எடுத்துப் பாருங்கள். கசிவு எப்படிப்பட்டது, எவ்வளவு, எப்போது நடந்தது, அதனால் அந்த ஆளுக்கு என்ன நேரக்கூடும், நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள், அவர் என்ன செய்ய வேண்டும், கேள்வி இருந்தால் யாரிடம் பேச வேண்டும் என்பதை எல்லாம் தெளிவான, எளிய நடையில் தாமதமின்றிச் சொல்ல வேண்டும் என்றுதான் அவை கேட்கின்றன. தெரிவிக்கத் தவறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். இன்று கட்டாயமில்லை என்றாலும் அந்த அளவுகோலிலேயே எழுதிப் பழகுவது நல்லது. நுகர்வோர் ஆணையத்தில் மறைத்த கடிதம் எடுபடுமா, சொன்ன கடிதம் எடுபடுமா என்பது பற்றி நீங்களும் நானும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

---

புதூர்க்காரன் எழுதியது:

மொத்தக் குறுஞ்செய்தி அனுப்பும் தொழிலில் இருக்கிறேன். யாரும் இதைத் தொடவில்லை, அதனால் சொல்கிறேன். கடிதத்தை எவ்வளவு நன்றாக எழுதினாலும், அதை நினைத்த நேரத்தில் குறுஞ்செய்தியாக அனுப்ப முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒவ்வொரு வாசகத்தையும் டிஎல்டி தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். உங்களிடம் இப்போது இருப்பவை தவணை நினைவூட்டலும் ரசீதும்தான். இந்தப் புது வாசகத்தை அவற்றின் வழியே அனுப்பினால், தொலைபேசி நிறுவனமே தடுத்துவிடும். ஆகவே இன்றே பதிவுக்குக் கொடுங்கள்.

இரண்டாவது விஷயம் நீளம். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70-தான். அதைத் தாண்டித் துண்டாகப் போனால் துண்டுக்கு 67. அதிலும் நம் எழுத்தை நாம் எண்ணுவது போல அது எண்ணாது. "எங்கள்" என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஆறு. புள்ளியும் ஒரு எண்ணிக்கை, கால், கொம்பு எல்லாம் தனித்தனி எண்ணிக்கை. பழைய பட்டன் போனில் நீளமான செய்தி துண்டுதுண்டாக வரிசை மாறி வருவதையும் பார்த்திருக்கிறேன். முதல் துண்டைப் படித்தாலே விஷயம் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

---

மரிக்கொழுந்து எழுதியது:

இப்படி ஒன்று எழுதிப் பார்த்தேன்:

"எங்கள் நகைச் சீட்டு உறுப்பினர்களின் ஆதார் நகல்கள் சில மாதங்கள் இணையத்தில் திறந்து கிடந்தன. உங்களுடையதும் அதில் உண்டு. ஓடிபி யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். விவரம்: இந்த இணைப்பைத் திறந்து பாருங்கள்."

---

புதூர்க்காரன் எழுதியது:

கடைசி வரியைத் தவிர மற்றவை நன்று. இணைப்பு வைத்தால் அதற்கும் தனியாக முன்பதிவு வேண்டும். பதியாத இணைப்பு உள்ள செய்தி போகாது.

---

யானைமலை எழுதியது:

அனுமதி கிடைத்தாலும் இணைப்பு வேண்டாம். 2017-இல் அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்திலிருந்து சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் போயின. அவர்கள் மக்களுக்கு விவரம் சொல்லத் தங்கள் வழக்கமான தளத்தை விட்டுவிட்டு, equifaxsecurity2017.com என்று புதிதாக ஒரு தளத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் அந்தப் பெயரில் சொற்களை முன்பின்னாக மாற்றி, securityequifax2017.com என்று ஒரு போலித் தளத்தைச் செய்து காட்டினார். ஆபத்தைப் புரிய வைப்பதுதான் அவர் நோக்கம். நிறுவனத்தின் சொந்த ட்விட்டர் கணக்கே மக்களுக்கு அந்தப் போலி முகவரியைப் பலமுறை கொடுத்தது. நிறுவனத்து ஆள்களுக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால், வாடிப்பட்டியில் ஒரு பாட்டிக்கு எப்படித் தெரியும்?

உங்கள் உறுப்பினர்கள் எல்லோரிடமும் ஒரு பொருள் ஏற்கெனவே இருக்கிறது, சீட்டுப் புத்தகம். அதில் கடையின் தொலைபேசி எண் அச்சாகியிருக்கும். "விவரம்: உங்கள் சீட்டுப் புத்தகத்தில் உள்ள எண்ணில் அழையுங்கள்" என்று முடியுங்கள். மோசடிக்காரர் அந்தப் புத்தகத்தில் எண்ணை மாற்ற முடியாது. உங்கள் செய்தியைப் பார்த்து இன்னொருவன் போலிச் செய்தி அனுப்பினாலும், "புத்தகத்தைப் பாருங்கள்" என்ற வரி அவனுக்குப் பயன்படாது.

---

புதூர்க்காரன் எழுதியது:

அப்படி மாற்றி எண்ணிப் பார்த்தேன். 216 வருகிறது. கடைப்பெயர் சேர்த்தாலும் நான்கு துண்டுக்குள் அடங்கும். ஆனால் முதல் துண்டு "இணையத்தில்" என்ற இடத்திலேயே முடிந்துவிடும். கடைப்பெயரை முன்னால் போட்டால் இன்னும் முன்பாகவே வெட்டும். "ஆதார் நகல்கள்" வரை வந்துவிடுகிறது என்பதால் பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

---

திருமங்கலம் டீச்சர் எழுதியது:

1930-க்கு அழைத்தேன். புகார் எண் கொடுத்தார்கள். கொஞ்சம் பணம் ஒரு கணக்கில் நிறுத்தப்பட்டிருப்பதாக வங்கியில் சொல்கிறார்கள், மீதி தெரியவில்லை. யானைமலை ஐயாவுக்கு நன்றி.

நீங்கள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. இரண்டு மாதம் முன்பு நான் இரத்தம் பரிசோதித்த இடத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. "பாதுகாப்பு நிகழ்வு, இங்கே அழுத்தவும்" என்று இருந்தது. மோசடி என்று நினைத்து அழித்துவிட்டேன். உண்மையான செய்தியாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. மரிக்கொழுந்து, நீங்கள் குறுஞ்செய்தியோடு நிறுத்தாதீர்கள். என்னைப் போன்றவர்களுக்குத் தபாலில் ஒரு தாள் வந்தால் எடுத்து வைத்துக்கொண்டு மகனிடம் காட்டுவோம். கடை வாசலிலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

---

விளக்குத்தூண் வியாபாரி எழுதியது:

வாசலில் ஒட்டுவதா! உறுப்பினர் அல்லாதவர்களும் படிப்பார்களே.

---

மரிக்கொழுந்து எழுதியது:

வாசலில் வேண்டாம், சீட்டுக் கட்டும் மேசையில் ஒட்டலாம் என்று முதலாளி ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்போது உறுப்பினர்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதி. முதலாளியின் மருமகன் ஒரு பட்டியல் அனுப்பினார். எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள், வைரஸ் தடுப்பு மென்பொருள் போடுங்கள், வங்கி அட்டையை மாற்றுங்கள் என்று பன்னிரண்டு வரிகள். இதை அப்படியே போடலாமா?

---

யானைமலை எழுதியது:

கூடாது. உங்கள் கோப்புறையில் கடவுச்சொல் இருந்ததா? அட்டை எண் இருந்ததா? இல்லை. இல்லாததை மாற்றச் சொன்னால் அவர்கள் அலைந்து திரிந்து களைத்துப்போவார்கள். வேண்டியதை விட்டுவிடுவார்கள். எது வெளியே போனதோ அதற்கு மட்டும்தான் வழி சொல்ல வேண்டும். உங்கள் உறுப்பினர்கள் இரண்டு வகை. ஆதார் நகல் மட்டும் கொடுத்தவர்கள் ஒரு வகை, ஆதாரோடு பான் நகலும் கொடுத்தவர்கள் இன்னொரு வகை. இரண்டு வகைக்கும் தனித்தனிக் கடிதம் அச்சடியுங்கள். "உங்களுடையதில் பான் இருந்திருக்கலாம்" என்று எல்லோருக்கும் பொதுவாக எழுதாதீர்கள். யார் எதைக் கொடுத்தார்கள் என்பது உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறதே.

ஆதார் நகலை வைத்து என்ன செய்ய முடியும்? அதை மட்டும் வைத்து வங்கியில் பணம் எடுக்க முடியாது, விரல்ரேகையோ ஓடிபியோ வேண்டும். இதைக் கடிதத்தில் தெளிவாகச் சொல்லுங்கள், பாதிப் பயம் போய்விடும். ஆனால் அந்த நகலைக் காட்டி அவர்கள் பெயரில் சிம் வாங்க முயலலாம். அதில் உள்ள பெயரையும் முகவரியையும் பிறந்த தேதியையும் சொல்லி, "கடையிலிருந்து பேசுகிறோம்", "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று நம்ப வைக்கலாம். இரண்டாவதுதான் அதிகம் நடப்பது.

ஆகவே முதல் வழிமுறை: "எங்கள் கடையிலிருந்து யாரும் போனில் ஓடிபி கேட்க மாட்டோம். உங்கள் முகவரியையும் ஆதார் எண்ணையும் சரியாகச் சொல்கிறார் என்பதற்காக அவரை நம்ப வேண்டாம். போனை வைத்துவிட்டுப் புத்தகத்தில் உள்ள எண்ணில் அழையுங்கள்." இரண்டாவது: sancharsaathi.gov.in தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள், உங்களுடையது அல்லாததை அங்கேயே புகார் செய்யலாம். மூன்றாவது: உங்கள் விரல்ரேகையை வைத்து ஆதார் சரிபார்ப்பு நடக்காதபடி தடுக்கும் விரல்ரேகைப் பூட்டு. அது இலவசம். பான் நகல் கொடுத்தவர்களுக்கு மட்டும் நான்காவது: அவர்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று கடன் அறிக்கையில் பார்ப்பது. இந்தியாவில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் வாங்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் ஆண்டு முழுவதும் கண் வைத்திருக்கலாம்.

---

மேலூர் ரேஷன் எழுதியது:

ரேஷன் கடை விற்பனையாளராக இருக்கிறேன். அந்த மூன்றாவது வழிமுறையைப் போடுவதற்கு முன் நான் சொல்வதைக் கேளுங்கள். விரல்ரேகையைப் பூட்டிவிட்டு எங்களிடம் வருகிறார்கள். கருவியில் விரலை வைத்தால் 330 என்ற பிழை எண் வருகிறது. அவர்களுக்கும் ஏனென்று தெரிவதில்லை. பூட்டிக் கொடுத்தது பேரனாக இருப்பான், அவன் கோவையில் இருப்பான். வரிசையில் நின்ற அம்மா அரிசி வாங்காமல் திரும்பிப் போவதை நான் பார்க்கிறேன். ஊருக்குள் வரும் வங்கி முகவரிடம் விரல் வைத்துப் பணம் எடுப்பவர்களுக்கும் இதே கதிதான்.

---

யானைமலை எழுதியது:

இதை நான் யோசிக்கவில்லை, நல்ல வேளை சொன்னீர்கள். அப்படியானால் எல்லோருக்கும் இதைக் கட்டாய வழிமுறையாகச் சொல்லக் கூடாது. கோப்புறையில் இருந்தது அட்டையின் நகல்தான், விரல்ரேகை அல்ல. ஆகவே இந்தப் பூட்டு கூடுதல் காப்புதான், அவசரம் இல்லை. "ரேஷன் கடையிலோ வங்கி முகவரிடமோ விரல் வைப்பவர்கள் பூட்டினால், ஒவ்வொரு முறையும் போவதற்கு முன் தற்காலிகமாகத் திறக்க வேண்டும். அதற்கு ஆதாரோடு இணைத்த கைபேசி கையில் இருக்க வேண்டும்" என்று எழுதி, முடிவை அவர்களிடமே விடுங்கள்.

---

மேலூர் ரேஷன் எழுதியது:

வீட்டில் வேறு யாராவது விரல் வைக்கலாம் என்றும் சேர்த்துவிடுங்கள். குடும்ப அட்டையில் பெயர் உள்ள யார் வந்தாலும் எங்களுக்குப் போதும்.

---

மரிக்கொழுந்து எழுதியது:

கடிதத்தைத் திருத்தி எழுதியிருக்கிறேன். ஆதார் மட்டும் கொடுத்தவர்களுக்கானது இது:

"வணக்கம் அம்மா / ஐயா,

எங்கள் கடையில் சீட்டுச் சேரும்போது நீங்கள் கொடுத்த ஆதார் நகல், ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஜூலை வரை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து கிடந்தது. அதில் உங்கள் பெயர், படம், முகவரி, பிறந்த தேதி, ஆதார் எண் ஆகியவை இருந்தன. நீங்கள் கட்டிய பணம் பத்திரமாக இருக்கிறது. தவணைக் கணக்கை ரசீதுகளோடு சரிபார்த்துவிட்டோம். உங்கள் வங்கிக் கணக்கு எண்ணும் கைபேசி எண்ணும் அந்த இடத்தில் இல்லை.

எங்களுக்காக மென்பொருள் நடத்தும் நிறுவனம் சர்வர் மாற்றியபோது இது நடந்தது. உங்கள் நகலைப் பத்திரமாக வைப்பது எங்கள் பொறுப்பு. நாங்கள் அதைச் சரிபார்க்கவில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்கிறோம். தெரிந்த அன்றே மூடிவிட்டோம்.

வெளியாள் ஒருவர் சில நகல்களைப் பார்த்து எங்களுக்குச் சொன்னார். வேறு யார் எடுத்தார்கள் என்பதைக் கண்டறிய எங்களிடம் வழியில்லை. எடுத்திருக்கலாம் என்றே நினைத்துக் கவனமாக இருங்கள்."

அதற்குக் கீழே யானைமலை சொன்ன வழிமுறைகள், மேலூர்க்காரர் சொன்ன ரேஷன் குறிப்பு, பணம் போய்விட்டால் உடனே 1930, கடையில் என் பெயரும் நேரமும். ஒரு தாளில் இரண்டு பக்கம் வருகிறது.

---

கே.கே.நகர் வக்கீல் எழுதியது:

"நாங்கள் அதைச் சரிபார்க்கவில்லை" என்ற வரியை எடுத்துவிடுங்கள். மன்னிப்பு இருக்கட்டும். மற்றபடி நன்றாகவே வந்திருக்கிறது, என் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், புரிந்தது என்றார்.

---

யானைமலை எழுதியது:

எனக்கு அந்த வரி இருக்க வேண்டும். ஆனால் கையொப்பம் போடுவது முதலாளி. முடிவு அவருடையது.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. சீட்டு முடித்து நகை வாங்கிக்கொண்டு போய்விட்டவர்களின் நகல்களும் அந்தக் கோப்புறையில் இருந்தனவா?

---

மரிக்கொழுந்து எழுதியது:

இருந்தன. பழைய நகல்களை யாரும் அழித்ததே இல்லை. இப்போது கட்டுபவர்களைவிடப் பழையவர்கள்தான் அதிகம். பலருடைய கைபேசி எண் மாறியிருக்கும்.

---

யானைமலை எழுதியது:

அவர்களுக்குத்தான் தபால் முதலில் போக வேண்டும். அவர்கள் கடைப்பக்கம் வரப்போவதில்லை, மேசையில் ஒட்டியதைப் பார்க்கப்போவதில்லை. சீட்டுப் புத்தகத்தையும் திருப்பிக் கொடுத்திருப்பார்கள், ஆகவே "புத்தகத்தில் உள்ள எண்" என்ற வரி அவர்களுக்குப் பொருந்தாது. நகை வாங்கிய ரசீதில் உள்ள எண் என்று மாற்றுங்கள். சீட்டு முடிந்தவர்களின் நகலை இனியும் வைத்திருக்க வேண்டுமா, எவ்வளவு காலம் என்பதை உங்கள் கணக்குத் தணிக்கையாளரிடம் கேளுங்கள். வேண்டியதில்லை என்றால் அழித்துவிட்டு, அழித்துவிட்டோம் என்று அதே கடிதத்தில் எழுதுங்கள்.

---

விளக்குத்தூண் வியாபாரி எழுதியது:

பழையவர்களுக்கும் தபால் என்றால் செலவு எங்கேயோ போகிறது. மென்பொருள்காரனிடம் அந்தச் செலவை வாங்க முடியுமா? அவன் பெயரையும் கடிதத்தில் போட வேண்டாமா?

---

மரிக்கொழுந்து எழுதியது:

பெயர் போடுவதா என்பதில் கடையில் இன்னும் இரண்டு கருத்து இருக்கிறது. செலவை ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் கேட்க முடியும், அதை வக்கீல் சாரிடம் தனியாகக் கேட்கிறேன். குறுஞ்செய்தி வாசகத்தை டிஎல்டி பதிவுக்குக் கொடுத்துவிட்டோம். செர்ட்-இன் அறிக்கை போய்விட்டது. பழையவர்களின் முகவரிப் பட்டியலை இன்று மாலை முதல் எடுக்கத் தொடங்குகிறோம். உசிலம்பட்டிப் பக்கத்து முகவரிகள்தான் பாதிக்குமேல் கதவு எண் இல்லாமல் இருக்கின்றன.